மாரிக்கும் தாங்கும் வளவு லைற்: சின்ன சோலாரும் பற்றரியின் காலை வோல்றும்

ஒட்டுசுட்டான் பக்கத்தில் சித்தியின் வளவுக்கு மூன்று லைற் போட்டோம். படலையில் ஒன்று, கிணத்தடியில் ஒன்று, மலசலகூடத்துக்குப் போகிற பாதையில் ஒன்று. பாம்பு நடமாட்டம் உள்ள இடம், இருட்டில் கால் வைக்கப் பயம். பொழுதுபடத் தானே பற்றி, நடுச்சாமத்தில் தானே அணைய வேண்டும். யாரும் ஏறி இறங்கிப் பார்க்கத் தேவையில்லாமல் ஓட வேண்டும். கேட்க லேசான வேலைதான். ஆனால் கடைக்காரர் கட்டிக் கொடுத்த சாமான் கோடையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிவிட்டு, கார்த்திகை மழையோடு படுத்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து, அளந்து, திருப்பிக் கட்டியதில் தெரிந்துகொண்டவை கீழே. நீங்கள் முதல் தரமே சரியாகக் கட்டலாம்.

இது 12 வோல்றில் தனியே ஓடுகிற சாமான். மின்சார சபையின் லைனோடு எங்கும் தொடுப்பதில்லை. ஆகவே கூரைச் சோலாருக்கு நிரப்புகிற விண்ணப்பம், ஒப்பந்தம், மீற்றர் மாற்றம் எதுவும் தேவையில்லை. நீங்கள் சேர்த்து வைக்க வேண்டிய பத்திரங்கள் வேறு. அதை 2ஆம் படியில் சொல்கிறேன்.

1. கடைக்குப் போக முதல் மாரிக் கணக்கைப் போடுங்கள்

கோடையில் போட்ட கணக்கு மாரியில் பிழைக்கும். எங்கள் வளவின் கணக்கையே எடுப்போம்.

ஒரு எல்ஈடி 3 வற். மூன்றுக்கும் 9 வற். 12 வோல்றில் அது 0.75 அம்பியர். மாலை 6 முதல் நடுச்சாமம் வரை 6 மணித்தியாலம் எரிந்தால் ஒரு இரவுச் செலவு 4.5 அம்பியர் மணி.

இனி வரவு. பனலில் எழுதியிருக்கும் வற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். பனலுக்கும் பற்றரிக்கும் நடுவே நின்று சார்ஜையும் லைற்றையும் பார்த்துக்கொள்கிற சின்னக் கொன்றோலர்கள் பெரும்பாலும் பிடபிள்யூஎம் வகை. அவற்றில் பனலின் அம்பியர்தான் பற்றரிக்குப் போய்ச் சேரும், மேலதிக வோல்ற் வீணாகும். 20 வற் பனல் ஏறக்குறைய 1.1 அம்பியர் தரும், 50 வற் பனல் 2.8 அம்பியர் தரும். நல்ல கோடை நாளில் முழு வெயிலுக்குச் சமனாக 5 மணித்தியாலத்துக்குக் குறையாமல் கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் 3 என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். நாள் முழுக்க மூடி அடைமழை பெய்தால் 1. வழியில் போகிற இழப்புக்கு 0.85 ஆல் பெருக்குங்கள்.

20 வற் பனலுக்கு: கோடையில் 1.1 × 5 × 0.85, அதாவது 4.7. செலவு 4.5. மட்டுமட்டாக ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. மாரியில் 2.8தான் வரும். ஒவ்வொரு நாளும் 1.7 கடன்.

50 வற் பனலுக்கு: மாரியில் 2.8 × 3 × 0.85, அதாவது 7.1. செலவு போக 2.6 மிச்சம். அடைமழை நாளில் 2.4 வந்து 2.1 கடன் விழும், ஆனால் வானம் கொஞ்சம் வெளுத்த நாளில் அந்தக் கடன் அடைபடத் தொடங்கும்.

மாசியில் வாங்கி மாட்டுகிறவர்கள் விழுகிற பொறி இதுதான். விற்கிறவரும் பொய் சொல்வதில்லை, மாசியில் அது உண்மையாகவே எரியும்.

பற்றரிக்கு 12 வோல்ற் 18 அம்பியர் மணி எடுத்தோம். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே கணக்கில் பாவிக்கக் கூடியது 9 அம்பியர் மணி, வெயிலே இல்லாமல் இரண்டு இரவு. இதைவிடப் பெரிய பற்றரி வாங்கினால் கூடுதல் இரவு தாங்கும்தான். ஆனால் அதை நிரப்பப் பனலும் பெருக்க வேண்டும். பனலைப் பெருக்காமல் பற்றரியை மட்டும் பெருக்குவது பயனில்லாத செலவு.

2. வாங்குகிறபோது பார்க்க வேண்டியவை

விலையை இங்கே எழுதினால் அடுத்த மாதமே பிழையாகிவிடும். விகிதம் அவ்வளவு மாறாது: பற்றரிதான் ஆகக் கூடிய செலவு, அடுத்தது பனல், பிறகு வயரும் பெட்டியும் கம்பமும். கொன்றோலர் ஆகக் குறைந்தது. ஆனால் மற்றதெல்லாவற்றையும் காப்பதும் கெடுப்பதும் அந்த மலிந்த சாமான்தான். அத்தோடு பற்றரி திரும்பத் திரும்ப வரும் செலவு. நன்றாகப் பார்த்தாலும் சில வருடத்தில் மாற்ற வேண்டும். பனல் அதற்குப் பிறகும் பல பற்றரிகளுக்கு நின்றுபிடிக்கும்.

கொன்றோலரைக் கடையிலேயே ஒரு பற்றரியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று விஷயம் அதன் திரையில் மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும்: சார்ஜ் நிற்கும் வோல்ற், லைற்றை அணைக்கும் வோல்ற், பொழுதுபட்டு எத்தனை மணித்தியாலம் எரிய வேண்டும் என்பது. மாற்ற விடாத கொன்றோலர் எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம்.

பற்றரியைத் தூக்க முதல் மல்ரிமீற்றரால் அளவுங்கள். 12.6க்குக் கீழே இருந்தால் அது கனகாலம் தட்டில் கிடந்தது. வேறொன்று கேளுங்கள். பற்றரியின் உடம்பிலேயே ஒரு சின்ன அட்டவணை அச்சடித்திருக்கும்: சைக்கிள் யூஸ் இத்தனை வோல்ற், ஸ்ராண்ட்பை யூஸ் இத்தனை வோல்ற் என்று. அதைக் கைபேசியில் படம் எடுங்கள். பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகு அது கண்ணுக்குத் தெரியாது, 5ஆம் படிக்கு அது வேண்டும்.

பில்லில் பற்றரியின் தொடர் இலக்கத்தை எழுதுவியுங்கள். உத்தரவாத அட்டையில் திகதியும் கடை முத்திரையும் உங்கள் கண் முன்னே விழட்டும். பற்றரிக்கு எத்தனை மாதம், பனலுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. வெப்பத்தாளில் அடித்த பில் ஒரு மழைக்காலத்துக்குள் வெளிறிப் போகும், அதையும் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

காலம்: ஆவணியில் வாங்கி, புரட்டாதிக்குள் கட்டி முடித்தால் மழை பிடிக்க முதல் பிழை திருத்த ஒரு மாதம் கிடைக்கும். கட்டுகிற வேலை ஒரு சனி, ஞாயிறுக்குள் முடியும்.

3. பனலை எங்கே நடுவது

வன்னியில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி உச்சி வெயில் நேரே தலைக்கு மேல் நிற்கும். அதிலிருந்து ஆவணிக் கடைசி வரை மத்தியான வெயில் தலைக்குச் சற்று வடக்கால்தான் போகும். அந்தக் காலத்தில் கட்டுகிறவருக்குத் தெற்குப் பக்கத்து மரம் ஒரு தொந்தரவாகவே தெரியாது. மார்கழியில் வெயில் உச்சியிலிருந்து 33 பாகை தெற்கே சாய்ந்துவிடும். அப்போது 10 மீற்றர் உயர மரத்தின் மத்தியான நிழல் 6.5 மீற்றர் வடக்கே விழும். காலையும் பின்னேரமும் இன்னும் நீளும். நமக்கு வெயில் ஆக அருமையான மாதத்தில் அந்த நிழல் பனலில் படும்.

ஆகவே பனலுக்குத் தெற்கே நிற்கிற மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கூடுதலான தூரம் தள்ளிக் கம்பத்தை நடுங்கள். உயரத்தின் அளவே தள்ளினால் இன்னும் நல்லது. ஒரு தென்னோலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் போதும், அம்பியர் பாதிக்கும் கீழே போய்விடும். பனலுக்குள் இருக்கிற செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தவை, ஒன்றை மறித்தால் எல்லாவற்றையும் மறித்த மாதிரி.

தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சாய்வு போதும். படுக்க வைத்தால் மழைத்தண்ணி தேங்கி, புழுதி ஓரத்தில் சேறாகப் படியும். சோளகக் காற்றுக் காலத்துப் புழுதியைச் சொல்லவே வேண்டாம். மயில் வந்து குந்தாமல் பனலின் மேல் விளிம்போடு ஒரு கம்பி இழுத்து விடுங்கள். எச்சம் விழுந்த இடமும் நிழல் விழுந்த இடம் போலத்தான் வேலை செய்யும்.

இன்னொன்று. பொழுதுபட்டதைக் கொன்றோலர் அறிவது பனலின் வோல்ற் விழுவதை வைத்துத்தான், அதற்கென்று தனிக் கண் கிடையாது. உங்கள் லைற்றே பனலில் பளிச்சென்று அடித்தால் அது விடிந்துவிட்டது என்று நினைத்து அணையும், பிறகு மறுபடி பற்றும். லைற்றைப் பனலுக்குக் கீழே, முகம் நிலத்தைப் பார்க்கப் பூட்டுங்கள்.

4. தொடுக்கும் ஒழுங்கு

முதலில் பற்றரி, அடுத்துப் பனல், கடைசியில் லைற். கழற்றும்போது தலைகீழ்: லைற், பனல், பற்றரி. பனலை மட்டும் முதலில் மாட்டினால் 21, 22 வோல்ற் நேரே கொன்றோலருக்குள் ஏறும். தாங்கிக்கொள்ளப் பற்றரி இல்லாத நேரத்தில் மலிந்த கொன்றோலர்கள் கருகுவது இப்படித்தான்.

பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 5 அம்பியர் பியூஸ் ஒன்று போடுங்கள். பற்றரிக்கும் கொன்றோலருக்கும் இடையே வயர் தடிப்பாகவும் ஒரு மீற்றருக்குக் குறைவாகவும் இருக்கட்டும். இது சிக்கனம் பிடிக்கிற இடமல்ல. மெல்லிய வயரில் வோல்ற் இழந்தால் கொன்றோலர் பற்றரியைப் பிழையாக வாசிக்கும். சார்ஜ் ஏறும்போது உண்மையைவிடக் கூட்டிக் காட்டும், லைற் எரியும்போது குறைத்துக் காட்டும். பிறகு நீங்கள் பார்க்கிற எந்த எண்ணையும் நம்ப முடியாது. லைற்றுகளுக்குப் போகிற நீள வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு. 20 மீற்றர் ஓட்டத்தில் நமது 0.75 அம்பியருக்கு 0.4 வோல்ற்றுக்கும் குறைவாகத்தான் இழக்கும்.

சின்னக் கொன்றோலர்கள் பலவற்றில் நேர்ப் பக்கம் மூன்றும் உள்ளுக்குள் ஒன்றாக இருக்கும். அணைப்பதும் பற்றவைப்பதும் எதிர்ப் பக்கத்தில் நடக்கும். ஆகவே லைற்றின் எதிர் வயரையும் பற்றரியின் எதிர் வயரையும் "எல்லாம் கறுப்புத்தானே" என்று ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள். முறுக்கினால் லைற் பகலிரவாக எரியும், பற்றரி தீர்ந்தாலும் அணையாது.

பற்றரியைத் தகரப் பெட்டியில் வைத்து வெயிலில் விட வேண்டாம். 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. எந்தக் காலத்திலும் வெயில் படாத சுவர் நிழலில், நிலத்திலிருந்து இரண்டு கல் உயரத்தில், காற்றுப் போக ஓட்டை வைத்த பிளாஸ்ரிக் பெட்டி போதும். ஓட்டைகளுக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள். எறும்பும் பல்லியும் கொன்றோலருக்குள் குடியிருக்க வரும்.

5. மூன்று எண்ணை மாற்றுங்கள்

பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டால் சரிவராது. இந்த வகைக் கொன்றோலர்கள் பலவும் 13.7இல் சார்ஜை நிறுத்தி, 10.7இல் லைற்றை அணைக்கிற மாதிரித்தான் வரும்.

அணைக்கும் வோல்ற்றை 12.0க்கு உயர்த்துங்கள். நம்முடையது போல மெல்ல இழுக்கிற லைற்றுக்கு 10.7 என்பது பற்றரி முழுதாக வற்றிய பிறகு வருகிற எண். அந்த அளவுக்குச் சில தரம் போனாலே பற்றரி திரும்பி எழும்பாது. மறுபடி பற்றும் வோல்ற்றை 12.8இல் வையுங்கள். இரண்டு எண்ணும் கிட்டக் கிட்ட இருந்தால், லைற் அணைந்ததும் சுமை குறைந்து வோல்ற் தானே ஏறி, லைற் மறுபடி பற்றும். இரவு முழுக்க மின்மினி போல மினுங்கிக்கொண்டிருக்கும்.

சார்ஜ் நிற்கும் வோல்ற்றுக்குப் பற்றரியின் படத்தைப் பாருங்கள். தினமும் ஏறி இறங்குகிற பற்றரிக்குச் சைக்கிள் யூஸ் எண், பெரும்பாலும் 14.4இல் தொடங்கும். அது 25 பாகைக்குச் சொன்னது. நமது வெக்கைக்கு 0.2 குறைத்து 14.2 வையுங்கள். 13.7இல் விட்டால், வெயில் குறைந்த நாளில் பற்றரி கடைசிவரை நிரம்பாது.

கோடையில் இதற்கு மறுபக்கம் உண்டு. 50 வற் பனல் காலை 10, 11 மணிக்குள் பற்றரியை நிரப்பிவிடும். மலிந்த கொன்றோலர் பொழுதுபடும்வரை 14.2இலேயே பிடித்து வைத்திருக்கும். மூடிய பற்றரியின் தண்ணி அந்த வெக்கையில் மெல்ல வற்றும், திருப்பி ஊற்ற வழியில்லை. ஆகவே தை முடிய 13.8, புரட்டாதியில் மறுபடி 14.2 என்று வருடத்தில் இரண்டு தரம் மாற்றுங்கள். நிரம்பியதும் தானே வோல்ற்றைக் குறைக்கிற மூன்று நிலைக் கொன்றோலர் கிடைத்தால் இந்த வேலையும் இல்லை.

நேரத்தை 6 மணித்தியாலமாக வையுங்கள். எல்லாம் முடிந்ததும் லைற் மாட்டாமல் இரண்டு மூன்று நாள் வெயிலில் சார்ஜ் ஏற விடுங்கள்.

6. காலை வோல்ற்

கொன்றோலர் திரை எப்போதும் ஒரு எண்ணைக் காட்டும். பெரும்பாலான நேரம் அந்த எண் பயனற்றது. மத்தியானம் 13.9 என்றால் பனல் தள்ளுகிறது என்பது மட்டும்தான் பொருள், பற்றரி நிரம்பியதா என்று அதில் தெரியாது. பொழுதுபட்ட உடனே 12.9 காட்டினாலும் அது மேலோட்டமான சார்ஜ்.

நடுச்சாமத்தோடு லைற் அணைந்து, பற்றரி ஐந்தரை மணித்தியாலம் சும்மா கிடந்து, வெயில் ஏற முதல் காட்டுகிற எண்தான் உண்மை. காலை 5.30 அளவில் பாருங்கள். மூடிய ஈயப் பற்றரிக்கு ஏறக்குறைய இப்படி:

12.8 — நிறைவு
12.5 — முக்கால்
12.2 — அரை
12.0 — கால் பங்குக்குச் சற்று மேல்
11.8 — வற்றியது

லித்தியம் இரும்புப் பற்றரிக்கு இந்தக் கணக்குச் சரிவராது. நிறைவுக்கும் கால் பங்குக்கும் இடையே அதன் வோல்ற் அவ்வளவு அசையாது.

ஒரு நாள் எண்ணைவிட நாலைந்து நாள் எண்ணின் போக்கு முக்கியம். 18 அம்பியர் மணிப் பற்றரியும் 50 வற் பனலும் வைத்து, விடாத அடைமழை என்று கணக்குப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2.1 கடன், அதாவது 12 வீதம். பொழுதுபட நிறைவில் தொடங்கினால் முதல் இரவில் 4.5 முழுதும் போகும், காலை எண் 12.5, 12.35, 12.2, 12.1 என்று இறங்கும். நாலாம் ஐந்தாம் இரவில் கொன்றோலர் லைற்றை இடையில் அணைக்கும். இது பழுதல்ல, அப்படித்தான் நடக்க வேண்டும். அடைமழை தொடர்ந்தால் மூன்றாம் நாளே 6 மணித்தியாலத்தை 3 ஆக்குங்கள், கடன் அநேகமாக நின்றுவிடும். இதே மழையில் 20 வற் பனல் நாளுக்கு 20 வீதம் இறங்கி மூன்றாம் இரவே அணையும், பிறகு வானம் வெளுத்தாலும் மார்கழி முடியும்வரை எழும்பாது.

மழையில்லாத கிழமையில் காலை எண் மெல்ல மெல்ல இறங்கினால் வரவில்தான் குறை: புழுதி, புது நிழல், துருப்பிடித்த முனை. மத்தியான வெயிலில் பனலைக் கழற்றி அளந்தால் 20 முதல் 22 வோல்ற் வர வேண்டும். மல்ரிமீற்றரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி நேரே அளந்தால் 50 வற் பனலுக்கு 3 அம்பியர் அளவில் வரும். வோல்ற் சரியாக இருந்து அம்பியர் குறைந்தால் பனலைத் துடையுங்கள், நிழலைத் தேடுங்கள்.

காலை எண் 12.7 என்று அழகாக இருந்தும், லைற் பற்றிச் சற்று நேரத்தில் 12.0க்கு விழுந்து அணைந்தால் பற்றரியின் கொள்ளளவு போய்விட்டது. உத்தரவாதக் காலம் இருந்தால், பொழுதுபட்ட எண், ஒரு மணித்தியாலம் கழித்த எண், காலை எண் மூன்றையும் மூன்று நாளுக்கு எழுதி, பில்லோடு கொண்டு போங்கள். "சார்ஜ் நிக்குதில்லை" என்று மட்டும் சொன்னால், கடையில் சார்ஜ் ஏற்றி 12.8 காட்டித் திருப்பித் தந்துவிடுவார்கள்.

7. வளவில் ஆள் இல்லாவிட்டால்

வீட்டில் ஆள் இருந்தால், கொன்றோலர் திரையைப் பார்க்கச் சொல்வதே போதும். இரண்டு வயர் வோல்ற்மீற்றர் தனியே பூட்டுவதென்றால் அமத்துகிற சுவிட்ச் ஒன்றோடு பூட்டுங்கள், சும்மா விட்டால் அதுவும் இரவுபகலாகத் தின்னும்.

ஆளில்லாத வளவு, ஆனால் வைஃபை எட்டும் என்றால் வோல்ற்றை அளந்து அனுப்புகிற ஈஎஸ்பி32 என்ற சின்னப் போட் ஒன்று வைக்கலாம். பற்றரி வோல்ற்றை நேரே கொடுத்தால் போட் எரியும். 100 கிலோ ஓம், 15 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்ரரைத் தொடராக இணைத்து, சின்னதன் இரு முனைக்கு இடையே எடுத்து, போட்டின் 34ஆம் பின்னுக்குக் கொடுங்கள். 15 வோல்ற் அங்கே 2 வோல்ற்றுக்குக் குறைவாகும். எதிர் வயரைப் பற்றரி முனையிலிருந்து எடுங்கள், லைற் முனையிலிருந்து எடுத்தால் லைற் அணைந்ததும் அளவு குழம்பும். போட்டுக்கு வேண்டிய 5 வோல்ற்றைப் பற்றரியிலிருந்தே ஒரு சின்னக் குறைப்பான் வழியாக, அதற்கும் ஒரு பியூஸ் வைத்துக் கொடுங்கள். போட்டில் ஏற்ற வேண்டிய ஆர்டுயினோ நிரல் இது:

```
const int PIN = 34;
const float RATIO = 115.0 / 15.0;

void setup() {
  Serial.begin(115200);
  uint32_t mv = 0;
  for (int i = 0; i < 32; i++) mv += analogReadMilliVolts(PIN);
  float v = (mv / 32.0) * RATIO / 1000.0;
  Serial.println(v, 2);
  esp_sleep_enable_timer_wakeup(1800ULL * 1000000ULL);
  esp_deep_sleep_start();
}
void loop() {}
```

அரை மணிக்கு ஒருக்கால் விழித்து அளந்துவிட்டுத் தூங்கும். உங்கள் கைபேசிக்கு அனுப்புகிற வரிகளை அச்சிடும் வரிக்குக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். மல்ரிமீற்றரோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் RATIO எண்ணைத் திருத்துங்கள். தூங்கும் வரியை மட்டும் நீக்காதீர்கள். வைஃபையோடு நாள் முழுக்க விழித்திருந்தால் இந்தச் சின்னப் போட் ஏறக்குறைய 1.2 அம்பியர் மணி எடுக்கும். மூன்று லைற்றின் செலவில் கால் பங்குக்கும் மேல், மாரி மிச்சத்தில் பாதி.

8. வருடத்துக்கு ஒருக்கால்

புரட்டாதியில் பனலைத் துடைத்து, தெற்குப் பக்கத்துக் கிளைகளைத் தறித்து, முனைகளை இறுக்கி, சார்ஜ் எண்ணை 14.2க்கு மாற்றி, ஒரு நல்ல வெயில் நாளுக்கு அடுத்த காலை எண்ணைப் பாருங்கள். 12.5க்குக் குறைந்தால் அடுத்த சில காலைகளும் பாருங்கள். எழும்பாவிட்டால் மழைக்கு முதலே பற்றரியை மாற்றுங்கள். பழையதை வளவில் போடாமல் கடைக்கே கொண்டு போனால், ஈயத்துக்கென்று புதியதன் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள். வாங்க முதல் அந்தத் தொகையைப் பேசி முடியுங்கள். காசைக் கொடுத்த பிறகு கேட்டால் பழைய பற்றரிக்கு மதிப்பே இருக்காது.